ஒரே ஆட்டம், வெவ்வேறு சம்பியன்கள்

ஆடுகளத்தில் எழுதப்பட்ட சட்டங்கள் – 17

2025 செப்டெம்பர் 26, வெள்ளிக்கிழமை இரவு. உயிலங்குளத்தில் மாமி வீட்டு முன் விறாந்தையில் பன்னிரண்டு பேர் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியைச் சுற்றி இருந்தோம். மதவாச்சி வீதியில் வாகன ஓட்டம் அடங்கிவிட்டது. வெளியே அரிவு வெட்டு முடிந்து காய்ந்து கிடக்கும் வயல். துபாயில் ஆசியக் கிண்ணத்தின் 'சுப்பர் 4' சுற்றுக் கடைசி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. இந்தியா 202. பத்தும் நிசங்க 107 அடித்துக் கொடுத்த தெம்பில் இலங்கையும் 202. அதற்குப் பிறகு சுப்பர் ஓவர்.

அந்த ஓவரின் நான்காவது பந்தில் விறாந்தையே குழம்பிப்போனது. அர்ஷ்தீப் சிங் வீசிய பந்தை தசுன் ஷானக வீசி அடிக்கப் போய்த் தவறவிட்டார். விக்கெட் காப்பாளர் கையில் பந்து. பிடி என்று இந்தியர்கள் முறையிட, நடுவர் விரலை உயர்த்தினார். அதற்குள் ஷானக ஓட்டம் எடுக்க ஓடிவிட்டார். சஞ்சு சம்சன் பந்தை எறிந்து ஸ்டம்பைச் சாய்த்தார். ஷானக மறுபரிசீலனை கேட்டார். பந்து மட்டையில் படவில்லை என்று தெரிந்தது. ஆகவே பிடி இல்லை. ரன் அவுட்? அதுவும் இல்லை.

"என்ன தம்பி இது, ஒருக்கா பிடிச்சு அவுட், பிறகு எறிஞ்சும் அவுட், கடைசியில ரெண்டும் இல்லையாம்! நாங்கள் எதுக்கு இவ்வளவு நேரம் கண் முழிச்சிருக்கிறம்?" என்று மாமி கேட்டார்.

கேள்வி நியாயமானது. நடுவர் 'அவுட்' என்று விரலை உயர்த்திய கணமே பந்து செத்துவிடுகிறது. கிரிக்கெட்டில் 'செத்த பந்து' என்றால் அதற்குப் பிறகு நடப்பது எதுவும் கணக்கில் வராது: ஓட்டமும் இல்லை, ஆட்டமிழப்பும் இல்லை. பிறகு அந்தத் தீர்ப்பு தவறென்று மாற்றப்பட்டாலும் செத்த பந்து உயிர்த்தெழாது. சம்சனின் எறி விரல் உயர்ந்த பிறகு போனது, அதனால் செல்லாது. நடுவர் விரலை உயர்த்தாமல் இருந்திருந்தால் ஷானக ரன் அவுட்டில் போயிருப்பார். ஆக, நடுவரின் தவறே அவரைக் காப்பாற்றியது. ஆனால் அடுத்த பந்திலேயே அவர் பிடிகொடுத்துப் போய்விட்டார். இலங்கை எடுத்தது இரண்டே ஓட்டம். இந்தியா முதல் பந்திலேயே மூன்று ஓட்டம் ஓடி முடித்தது.

மாமி அதோடு விடவில்லை. "இது ஃபைனலும் இல்ல. இந்தியா ஏற்கெனவே ஃபைனலுக்குப் போட்டுது, நாங்கள் வெளியில. சமனெண்டா சமனெண்டு விட்டிட்டுப் போறதுக்கென்ன?" இந்த வாரப் பகுதி அவருக்காக.

கிரிக்கெட்டில் 'சமன்' என்பது ஒரு முடிவு. ஆட்டம் முடிவு இல்லாமல் கலைவதை 'ட்ரோ' என்பார்கள், அது வேறு. இருவரின் ஓட்டமும் சரியாக ஒத்துப்போய், கடைசியாக ஆடிய அணியின் இன்னிங்ஸும் முடிந்துவிட்டால் அதுதான் சமன், 'டை'. டெஸ்ட் வரலாற்றில் இது இரண்டே தடவை நடந்திருக்கிறது: 1960இல் பிரிஸ்பேனில், 1986 செப்டெம்பர் 22இல் சென்னை சேப்பாக்கத்தில். சேப்பாக்கத்தில் மணீந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. ஆனதும் இரு அணிகளும் கைகுலுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டன. டெஸ்ட் தொடரில் ஒருவர் இன்றே வெளியேறியாக வேண்டும் என்ற நெருக்கடி கிடையாது. கிண்ணத்துக்கான விலகல் சுற்றில்தான் அந்த நெருக்கடி வருகிறது. அரையிறுதியில் சமன் வந்தால் நாளை இறுதியில் ஆடுவது யார்? அந்தக் கேள்விக்கு விடையாக வந்தவைதான் இந்தச் சட்டங்கள் எல்லாம். ஒவ்வொன்றும் ஒரு ஆட்டத்தில் அடிபட்டுத்தான் மாறியது.

முதலில் வந்த விடை எளிது. இழந்த விக்கெட்டைப் பார். 1987 மார்ச் 20, ஹைதராபாத். இந்தியா 44 ஓவரில் 6 விக்கெட்டுக்கு 212. பாகிஸ்தான் அதே ஓவரில் 7 விக்கெட்டுக்கு 212. இந்தியா ஒரு விக்கெட் குறைவாக இழந்ததால் இந்தியாவுக்கு வெற்றி கொடுக்கப்பட்டது. நம் ஊர் மென்பந்துச் சுற்றுப்போட்டிகளில் இன்றும் சில இடங்களில் இதுதான் சட்டம். கணக்கேட்டைப் பார்த்தால் போதும், ஒரு பந்துகூடக் கூடுதலாக வீச வேண்டாம். ஆனால் உள்ளே ஒரு ஓட்டை இருக்கிறது. 50 ஓவர் ஆட்டத்தில் துரத்தும் அணிக்கு விக்கெட் என்பது செலவழிக்க வேண்டிய காசு. கடைசி ஓவரில் நான்கு விக்கெட் விழுந்தாலும் இலக்கைத் தொட்டால் போதும் என்றுதான் ஆடுவார்கள். அப்படி ஆடியவனை, சமனான பிறகு, செலவழித்ததற்காகத் தண்டிப்பது போல இருந்தது இந்தச் சட்டம்.

இரண்டாவது விடை, முன்னைய சுற்றில் மேலே நின்றவனுக்கு முன்னுரிமை. அதன் விலை என்ன என்று 1999 ஜூன் 17இல் உலகம் பார்த்தது. எட்ஜ்பாஸ்டனில் உலகக் கிண்ண அரையிறுதி. அவுஸ்திரேலியா 213. தென்னாபிரிக்காவுக்குக் கடைசி ஓவரில் ஒன்பது ஓட்டம் தேவை. கையில் ஒரே விக்கெட். லான்ஸ் குளூஸ்னர் முதல் இரண்டு பந்தையும் நான்குக்கு விரட்டினார். இப்போது நான்கு பந்தில் ஒரு ஓட்டம். மூன்றாவது பந்தில் மறுமுனையில் நின்ற அலன் டொனால்ட் ரன் அவுட்டிலிருந்து மயிரிழையில் தப்பினார். நான்காவது பந்தை அடித்துவிட்டு குளூஸ்னர் ஓடி வந்துவிட்டார்; டொனால்ட் நகரவில்லை. நகர்ந்தபோது மட்டை கையிலிருந்து விழுந்துவிட்டது. அவுட். 213க்கு 213.

அன்று தொலைக்காட்சியில் பார்த்தவர்களில் பலர், அடுத்து என்ன என்று ஆளையாள் பார்த்தார்கள். விடை ஆட்டத்தில் இல்லை. நான்கு நாளைக்கு முந்திய வேறொரு ஆட்டத்தில் இருந்தது. ஹெடிங்லியில் ஸ்டீவ் வோ அடித்த சதத்தால் அவுஸ்திரேலியா தென்னாபிரிக்காவை வென்று, 'சுப்பர் சிக்ஸ்' பட்டியலில் ஒரு படி மேலே நின்றிருந்தது. அந்தப் படி போதும், இறுதிக்குப் போனது அவுஸ்திரேலியா. என்னைக் கேட்டால் இது அநியாயச் சட்டம் அல்ல. எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்த சட்டம். ஆனாலும் ஒரு முழுநாள் ஆடிக் களைத்த இருவரிடம், "இன்று நீங்கள் செய்தது எதுவும் தீர்மானிக்கவில்லை, போன ஞாயிறு நடந்ததுதான் தீர்மானித்தது" என்று சொல்வதில் ஏதோ ஒன்று இடறுகிறது.

இந்த இடறல் உதைபந்தாட்டத்தில் இன்னும் முன்பே வந்தது. மன்னார்க்காரருக்கு உதைபந்தாட்டத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. 1968இல் ஐரோப்பியக் கிண்ண அரையிறுதியில் இத்தாலியும் சோவியத் யூனியனும் மேலதிக நேரத்திலும் கோல் போடவில்லை. நாணயம் சுண்டி இத்தாலியை இறுதிக்கு அனுப்பினார்கள். இத்தாலி கிண்ணத்தையும் வென்றது. இரண்டு வருடம் கழித்து, 1970இல்தான் பெனால்டி உதை முறை உதைபந்தாட்டச் சட்டத்தில் ஏறியது. ஆட்டத்தைப் பின்னோக்கிப் பார்ப்பதையோ விதியிடம் விடுவதையோ விட்டு, மறுபடியும் ஆடித் தீர் என்பதே அதன் சாரம்.

கிரிக்கெட்டும் முதலில் அதையே நகல் எடுத்தது. அதன் பெயர் 'பௌல் அவுட்'. துடுப்பாட்டக்காரர் யாரும் இல்லை. ஒவ்வொரு அணியிலும் ஐந்து பேர் முறை வைத்துப் பந்து வீசி, காலியாக நிற்கும் ஸ்டம்பில் அடிக்க வேண்டும். 2007 செப்டெம்பர் 14, டர்பன், முதலாவது இருபதுக்கு 20 உலகக் கிண்ணம்: இந்தியா 141, பாகிஸ்தான் 141. சேவாக், ஹர்பஜன், ரொபின் உத்தப்பா மூவரும் அடித்தார்கள். பாகிஸ்தானின் யாசிர் அரஃபாத், உமர் குல், ஷாகித் அஃப்ரிடி மூவரும் தவறவிட்டார்கள். 3–0. இந்திய அணி இதைப் பயிற்சியில் செய்து பார்த்திருந்தது. டோனி ஸ்டம்புக்கு நேர் பின்னால் முழங்காலில் உட்கார்ந்து வீசுபவருக்குக் குறி காட்டினார். மூவரும் வேகம் குறைந்த பந்தையே வீசினார்கள் என்பதையும் கவனியுங்கள். ஓடி வந்து முழு வேகத்தில் வீசும் உமர் குல்லுக்கு, எதிரில் ஆளே இல்லாத ஸ்டம்பை நோக்கி வீசும் பழக்கம் எங்கே இருக்கும்?

பௌல் அவுட்டின் பிழையும் அங்கேதான். பெனால்டியில் அடிப்பவனும் காப்பவனும் இருவரும் நிற்கிறார்கள். பௌல் அவுட்டில் கிரிக்கெட்டின் பாதியைக் காணோம். பந்துக்கும் மட்டைக்கும் இடையிலான சண்டைதான் கிரிக்கெட் என்றால், மட்டையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது மாங்காய்க்குக் கல்லெறிவது.

சுப்பர் ஓவர் வந்தது அந்தப் பாதியைத் திருப்பித் தர. சர்வதேச ஆட்டத்தில் முதலாவது 2008 டிசெம்பர் 26, ஒக்லாந்து: மேற்கிந்தியத் தீவுகளுக்காக கிறிஸ் கெய்ல் டானியல் வெட்டோரியைத் துவைத்து எடுக்க, ஓட்டம் 25. நியூஸிலாந்து 15இல் நின்றது.

சட்டம் சின்னது. ஆளுக்கு ஒரு ஓவர், ஆறு பந்து. ஒவ்வொரு அணியும் மூன்று துடுப்பாட்டக்காரரைப் பெயர் சொல்ல வேண்டும். இரண்டு விக்கெட் விழுந்தால் முடிந்தது. எல்லாவற்றையும் விட முக்கியமானது முதலில் ஆடுவது யார் என்பது. பிரதான ஆட்டத்தில் துரத்திய அணியே சுப்பர் ஓவரில் முதலில் ஆடும். நாணயச் சுழற்சி கிடையாது. ஏற்கெனவே கால்கவசம் கட்டி நிற்கிறவர்கள் அவர்கள்தானே. இன்னொரு விளைவும் உண்டு: பிரதான ஆட்டத்தில் இலக்கைத் தெரிந்துகொண்டு ஆடிய அணி இந்தத் தடவை இலக்குத் தெரியாமல் ஆட வேண்டும். அந்த வசதி எதிரணிக்குக் கைமாறுகிறது.

நம் நாட்டுப் புல்லில் இது நடந்தது 2012இல். இலங்கை நடத்திய இருபதுக்கு 20 உலகக் கிண்ணம், செப்டெம்பர் 27, பல்லேகலை. நியூஸிலாந்து 174; இலங்கையின் துரத்தலில் கடைசிப் பந்தில் லஹிரு திரிமான்ன வெற்றி ஓட்டத்துக்கு ஓடி ரன் அவுட்; இலங்கையும் 174. சுப்பர் ஓவரில் இலங்கை முதலில் ஆடி 13 எடுத்தது. பிறகு பந்தை லசித் மாலிங்கவிடம் கொடுத்தார்கள். நியூஸிலாந்து 7இல் முடங்கியது. நான்கே நாள் கழித்து அதே மைதானத்தில் நியூஸிலாந்து மறுபடியும் சமனாகி, மறுபடியும் சுப்பர் ஓவரில் தோற்றது. இந்தத் தடவை மேற்கிந்தியத் தீவுகளிடம். 17 எடுத்தும் காணவில்லை, எதிரணி 18 எடுத்துவிட்டது. நியூஸிலாந்துக்காரரின் துயரம் இன்னும் முடியவில்லை என்று அன்று யாருக்கும் தெரியாது.

மாலிங்க கதை நமக்குப் பெருமை. இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2010 மார்ச்சில் சேப்பாக்கத்தில் சென்னை சுப்பர் கிங்ஸ், பஞ்சாப் அணியுடன் சமனானது. சுப்பர் ஓவரில் சென்னை 9 எடுத்தது. காக்க வந்தவர் முத்தையா முரளிதரன். எதிரில் மஹேல ஜயவர்தன. ஒரே இலங்கை அணியில் ஆண்டாண்டாக ஆடிய இருவர் சென்னையில் நேருக்கு நேர். முரளியின் முதல் பந்தை மஹேல ஆறுக்கு அனுப்பினார். பிறகு அவர் ஆட்டமிழந்தார். ஆனாலும் யுவராஜ் சிங் அடித்த நான்கில் பஞ்சாப் வென்றது. சுழற்பந்து வீச்சாளர் விக்கெட் எடுப்பது நிதானத்தால். ஒரு பந்தில் தூண்டில் போட்டு நான்காவதில் இழுப்பதால். ஆறே பந்தில் அந்த நிதானத்துக்கு இடம் குறைவு. அதனால்தான் பெரும்பாலான தலைவர்கள் யோர்க்கர் வீசும் வேகப்பந்து வீச்சாளரைத் தேடுகிறார்கள். (2024 ஜூலை 30இல் பல்லேகலையில் வொஷிங்டன் சுந்தர் சுழலாலேயே இலங்கையை இரண்டு ஓட்டத்தில் சுருட்டியது இந்தக் கணக்கைக் கெடுக்கிறது. கெடுக்கட்டும்.)

இனி பெரிய ஆட்டத்துக்கு வருவோம். 2019 ஜூலை 14, லோர்ட்ஸ், 50 ஓவர் உலகக் கிண்ண இறுதி. நியூஸிலாந்து 8 விக்கெட்டுக்கு 241. இங்கிலாந்து துரத்தியது. கடைசி ஓவரில் 15 தேவை. வீசியவர் ட்ரென்ட் போல்ட், நின்றவர் பென் ஸ்டோக்ஸ். முதல் இரண்டு பந்தில் ஓட்டம் இல்லை. மூன்றாவது பந்து ஆறு. மூன்று பந்தில் ஒன்பது.

நான்காவது பந்தை ஸ்டோக்ஸ் மிட்விக்கெட் பக்கம் தட்டிவிட்டு இரண்டுக்கு ஓடினார். மார்ட்டின் கப்டில் எல்லையருகிலிருந்து எறிந்தார். ஸ்டோக்ஸ் பாய்ந்து விழ, பந்து அவர் மட்டையில் பட்டுத் திசை திரும்பி எல்லைக்கோட்டைக் கடந்தது. ஸ்டோக்ஸ் கையை உயர்த்தி மன்னிப்புக் கேட்டார். களத்தில் நின்ற நடுவர்கள் நம் குமார் தர்மசேனவும் மராய்ஸ் இராஸ்மஸும். தர்மசேன ஆறு ஓட்டம் என்று சைகை காட்டினார்: ஓடிய இரண்டு, எல்லையைக் கடந்த நான்கு.

இங்கே ஒரு சட்ட நுணுக்கம். எறிந்த பந்து எல்லையைக் கடந்தால், நான்கோடு சேர்த்து, ஓடி முடித்த ஓட்டங்களும் சேரும். ஓடிக்கொண்டிருக்கும் ஓட்டமும் சேரும். ஆனால் அந்தக் கடைசி ஓட்டம் சேர வேண்டுமானால், களத்தடுப்பாளர் எறிந்த கணத்தில் இரு துடுப்பாட்டக்காரரும் ஒருவரை ஒருவர் கடந்திருக்க வேண்டும். கப்டில் எறிந்தபோது ஸ்டோக்ஸும் ஆடில் ரஷீத்தும் இரண்டாவது ஓட்டத்தில் இன்னும் கடக்கவில்லை. சட்டப்படி கிடைக்க வேண்டியது ஐந்து. அதைவிட முக்கியமாக, அடுத்த பந்தை ஆட வேண்டியவர் ரஷீத், ஸ்டோக்ஸ் அல்ல. இரண்டு பந்தில் மூன்று ஓட்டம், முனையில் ஸ்டோக்ஸ் என்ற நிலை, இரண்டு பந்தில் நான்கு ஓட்டம், முனையில் ரஷீத் என்று மாறியிருக்கும். முன்னாள் நடுவர் சைமன் டௌஃபல் இதை வெளிப்படையாகச் சொன்னார். தர்மசேனவும் கொழும்புப் பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டியில், தொலைக்காட்சியில் பார்த்தபோது அது பிழை என்று தெரிந்ததை ஒப்புக்கொண்டார். அதே மூச்சில் அந்த முடிவுக்காக வருந்தப் போவதில்லை என்றும் சொன்னார். மைதானத்தில் நிற்பவருக்கு மறுஒளிபரப்பு கிடையாது, மூன்று விஷயத்தை ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும் என்பது அவர் பக்க வாதம். அவர் மேல் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை. நீங்களும் நானும் அந்த இரவு எறியையா பார்த்தோம்?

மீதி இரண்டு பந்திலும் ஒவ்வொரு ஓட்டம், இரண்டிலும் மறுமுனையில் ரன் அவுட். இங்கிலாந்து அனைவரும் ஆட்டமிழந்து 241. சமன்.

சுப்பர் ஓவர். துரத்திய இங்கிலாந்து முதலில் ஆடியது. ஸ்டோக்ஸும் ஜொஸ் பட்லரும் போல்ட்டை எதிர்த்து 3, 1, 4, 1, 2, 4 எடுத்தார்கள்: 15. நியூஸிலாந்துக்காக ஜிம்மி நீஷமும் கப்டிலும். ஜொஃப்ரா ஆர்ச்சரின் முதல் பந்து வைட். பிறகு 2, 6, 2, 2, 1. கடைசிப் பந்தில் இரண்டு தேவை. கப்டில் அடித்து ஓடினார். ஒன்று முடிந்தது, இரண்டாவதில் ரன் அவுட். கூட்டிப் பாருங்கள்: 15. மறுபடியும் சமன்.

அப்போது சட்டப் புத்தகத்தில் அடுத்து இருந்தது பவுண்டரிக் கணக்கு. பிரதான ஆட்டத்திலும் சுப்பர் ஓவரிலும் யார் அதிகமாக எல்லைக்கு அடித்தார்கள்? இங்கிலாந்து 26, நியூஸிலாந்து 17. கிண்ணம் இங்கிலாந்துக்கு.

இப்போது இதே ஆட்டத்தை இதுவரை நாம் பார்த்த சட்டங்களில் ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். 1987 ஹைதராபாத் சட்டம்: விக்கெட் இழப்பு. நியூஸிலாந்து இழந்தது 8, இங்கிலாந்து இழந்தது 10. கிண்ணம் நியூஸிலாந்துக்கு. 1999 எட்ஜ்பாஸ்டன் சட்டம்: முன்னைய சுற்றின் இடம். பட்டியலில் இங்கிலாந்து மூன்றாவது, நியூஸிலாந்து நான்காவது. கிண்ணம் இங்கிலாந்துக்கு. ஒரு பந்தும் மாறவில்லை, ஒரு ஓட்டமும் மாறவில்லை. எந்த வருடத்துச் சட்டப் புத்தகத்தைத் திறக்கிறோம் என்பது மட்டும்தான் மாறியது.

பவுண்டரிக் கணக்கு ஏன் அவ்வளவு கசந்தது? நாற்பது ஓட்டத்தை ஓடி எடுத்தவனும் பத்து பவுண்டரியில் எடுத்தவனும் ஓட்டக் கணக்கில் ஒன்று. சமன் என்று சொன்ன பிறகு, ஓடியவனை விட விரட்டியவன் மேல் என்று சொல்வதற்கு ஆட்டத்துக்குள் ஒரு காரணமும் இல்லை. விக்கெட் கணக்கிலாவது அவுட் ஆகாமல் இருப்பது ஒரு திறமை என்று வாதிடலாம்.

2019 ஒக்டோபரில் சர்வதேச கிரிக்கெட் பேரவை சட்டத்தை மாற்றியது. விலகல் சுற்றில் சுப்பர் ஓவரும் சமனானால் மறுபடியும் சுப்பர் ஓவர். ஒருவர் அதிகம் எடுக்கும்வரை. பவுண்டரிக் கணக்கு போனது. இரண்டாவதில், முதலாவதில் இரண்டாவதாக ஆடிய அணி முதலில் ஆடும். முதலாவதில் ஆட்டமிழந்தவர் மறுபடி மட்டை பிடிக்க முடியாது. முதலாவதை வீசியவர் மறுபடி வீச முடியாது. இந்தக் கடைசி இரண்டும் கவனிக்க வேண்டியவை. உங்கள் மாலிங்கவை முதலாவதிலேயே செலவழித்துவிட்டால் இரண்டாவதுக்கு யார்?

இது புத்தகத்தில் தூங்கவில்லை. 2024 ஜனவரி 17, பெங்களூரு: இந்தியாவும் ஆப்கானிஸ்தானும் 212க்கு 212. முதல் சுப்பர் ஓவர் 16க்கு 16. அதன் கடைசிப் பந்துக்கு முன் ரோகித் சர்மா, வேகமாக ஓடக்கூடிய ஒருவர் வரட்டும் என்று தானே வெளியேறினார். பிறகு இரண்டாவது சுப்பர் ஓவரிலும் அவரே ஆட வந்தார். ஆட்டமிழந்தவர் ஆடக்கூடாது என்றால், தானாக வெளியேறியவர் ஆட்டமிழந்தவரா, இல்லையா? ஆப்கான் தரப்பு கேட்டது. அன்று அவர் ஆட விடப்பட்டார். இரண்டாவதில் இந்தியா 11 எடுக்க, ரவி பிஷ்னோய் ஆப்கானை ஒரு ஓட்டத்தில் மடக்கினார். 2025 ஜூன் 16இல் கிளாஸ்கோவில் நேபாளமும் நெதர்லாந்தும் இதையும் தாண்டி மூன்றாவதுக்குப் போயின: 152க்கு 152, பிறகு 19க்கு 19, பிறகு 17க்கு 17, மூன்றாவதில் நேபாளம் ஒரு ஓட்டமும் எடுக்காமல் இரண்டு விக்கெட்டும் போக, நெதர்லாந்து முதல் பந்தையே ஆறுக்கு அடித்தது.

மாமியின் இரண்டாவது கேள்விக்கு இதில் விடை இருக்கிறது. இருபதுக்கு 20 ஆட்டத்தில் விலகல் சுற்று என்று பார்ப்பதில்லை. எந்த ஆட்டம் சமனானாலும் சுப்பர் ஓவர் உண்டு. ஆகவேதான் ஒன்றுக்கும் உதவாத அந்தத் துபாய் ஆட்டத்திலும் நாங்கள் நள்ளிரவுவரை கண் விழித்திருந்தோம். 2024 ஓகஸ்ட் 2இல் கொழும்பில் இந்தியாவும் இலங்கையும் 230க்கு 230 என்று ஒருநாள் ஆட்டத்தில் நின்றபோதோ, சட்டப்படி வர வேண்டிய சுப்பர் ஓவர் வரவில்லை. சமன் என்றே பதிந்து கைகுலுக்கினார்கள்.

ஆனால் மழை இந்தச் சட்டம் எதையும் படித்ததில்லை. 2002 செப்டெம்பர் இறுதியில் கொழும்பில் சம்பியன்ஸ் கிண்ண இறுதி. இலங்கை 50 ஓவர் முழுக்க ஆடி 244. இந்தியா இரண்டு ஓவரில் 14 எடுத்தபோது மழை. மறுநாள் ஆட்டத்தைத் தொடரவில்லை, முதலிலிருந்து தொடங்கினார்கள். இலங்கை மறுபடி 50 ஓவர் ஆடி 222; இந்தியா 8.4 ஓவரில் ஒரு விக்கெட்டுக்கு 38 எடுத்தபோது மறுபடி மழை. இரண்டு நாளில் 110 ஓவருக்கு மேல் வீசியும் கிண்ணம் இருவருக்கும் பாதி. அன்று சமன்கூட வரவில்லை என்பதால் சுப்பர் ஓவர் போன்ற எதற்கும் இடமில்லை. சமன் ஆவதற்கே இரண்டு பேரும் ஆடி முடித்திருக்க வேண்டும்.

நம் பக்கத்தில் மழை அரிது, இருட்டுத்தான் வரும். சில வருடத்துக்கு முன் கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் வயல் ஒன்றில், அறுவடை முடிந்த நிலத்தில், ஐந்து ஓவர் மென்பந்து அரையிறுதி. ஒரு சின்னக் கிண்ணம், ஒரு ஆட்டுக்கடா பரிசு. நான் கணக்கெழுதினேன். 47க்கு 47. சுப்பர் ஓவர் என்று ஏற்பாட்டாளர்கள் அறிவித்தார்கள். முதல் அணி 9. இரண்டாவது அணியின் ஐந்தாவது பந்து முடியும்போது சூரியன் பனையோடு இறங்கிவிட்டது. விக்கெட் காப்பாளர் பந்து தெரியவில்லை என்று கையை விரித்தார். 8 ஓட்டம், ஒரு பந்து மிச்சம்.

இரு தலைவர்களும் என் மேசைக்கு வந்தார்கள். ஒருவர் விக்கெட்டைப் பார் என்றார், மற்றவர் பவுண்டரியை எண்ணு என்றார். அவரவர்க்கு எது சாதகம் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. அந்த நேரம் ஒரு வயதானவர், பக்கத்து வயல்காரர், கதிரையிலிருந்து எழும்பி வந்து மோட்டார் சைக்கிள்களைக் காட்டினார்.

"எல்லாரும் லைட்டைப் போட்டுப் பிட்சுப் பக்கம் திருப்புங்கோடா. ஒரு பந்துதானே."

பதினொரு மோட்டார் சைக்கிள். ஒன்றின் விளக்கு மங்கல். பந்து வீசப்பட்டது, அடித்தவர் அடித்தார், பந்து வெளிச்சத்தைத் தாண்டி இருட்டுக்குள் போனது. இருவரும் மூன்று ஓட்டம் ஓடி முடித்த பிறகும் களத்தடுப்பாளர் அதைத் தேடிக்கொண்டே இருந்தார். ஒரு பொடியன் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் வரப்போரம் கண்டுபிடித்துக் கொண்டு வந்து கொடுத்தபோது, நான் 11 என்று எழுதிவிட்டிருந்தேன்.

(அடுத்த வாரம்: மழை விதிகள் – டக்வேர்த், லூயிஸ் இருவரும் வருவதற்கு முன்)